இருபத்தெட்டு சென்டிமீட்டர் தொடை எலும்பு

முப்பது லட்சம் ஆண்டுக்கு முந்திய மூதாதை ஒருவரின் உயரத்தை நான் ஃப்ரீவேயில் வைத்துக் கணக்குப் போட்டேன். வண்டி நகரவில்லை என்பது ஒரு சமாதானம். முன்னால் ஒரு பிக்கப் டிரக், பின்னால் ஒரு பிக்கப் டிரக், மடியில் ஃபோன், ஃபோனில் என் பழைய எக்செல் ஷீட். இருபத்தெட்டு என்று தட்டினேன். நூற்றிருபத்தெட்டு என்று வந்தது. அதைப் படித்து ஸ்பீக்கரில் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண் எழுதிக்கொண்டாள். அப்புறம் வண்டி நகர்ந்தது. ஐம்பத்தொரு வயதுக்குள் நான் செய்த முட்டாள்தனங்களில் இவ்வளவு சீக்கிரம் செய்து முடித்தது வேறொன்றும் இல்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டியின், அதாவது இங்கத்திய மாவட்டத்தின், பிணப் பரிசோதனை அலுவலகத்தில் எலும்பு பார்க்கிறேன். வயற்காட்டிலோ கழிமுகத்திலோ யாருடைய எலும்பாவது கிடைத்தால் என் மேசைக்கு வரும். ஆணா, பெண்ணா, என்ன வயது, எவ்வளவு உயரம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். உயரத்துக்குத் தொடை எலும்பைப் போல நம்பகமான சாட்சி வேறில்லை. அளவுப் பலகையில் கிடத்தி, நகரும் கட்டையை எலும்பின் முனைவரை தள்ளி, நீளத்தைப் படிக்க வேண்டும். அதை ஏறக்குறைய இரண்டே கால், இரண்டரையால் பெருக்கி, அறுபது சொச்சம் சென்டிமீட்டரைக் கூட்டினால் ஆள் எழுந்து நிற்பான். உயரம் அளந்து வைத்திருந்த நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகளை அளந்து, இரண்டையும் ஒரு கோட்டில் பொருத்திக் கிடைத்த சூத்திரம் அது. இருபது வருடமாக அது எனக்குச் சோறு போடுகிறது. பிறகு ஆளை அடையாளம் கண்டு ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிட்டால், உரிமத்தில் எப்போதும் இரண்டு அங்குலம் கூட இருக்கும். ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். என்னுடையதிலும் இரண்டரை அங்குலம் கூடுதல். என் எலும்பைப் பார்க்கப்போகும் ஆள் என்னை நினைத்துச் சிரிப்பான் என்பது தெரிந்தேதான் எழுதினேன்.

நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து அரை மணித் தூரத்தில் ஒரு சின்ன அறிவியல் காட்சியகம் இருக்கிறது. டைனோசர் தோலைத் தடவிப் பார்க்க வரும் குழந்தைகளை நம்பி நடப்பது. அங்கே மனிதனின் தோற்றம் பற்றி ஒரு புதிய கூடம் திறக்கத் தீர்மானித்தார்கள். நடுவில் ஒரு முழு உருவம் நிற்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைத்த ஒரு தொடை எலும்பின் வார்ப்பு அவர்களிடம் இருந்தது. மூன்று துண்டாகக் கிடைத்ததை ஒட்டி எடுத்த வார்ப்பு. வேறு எலும்பு இல்லை. அந்த ஒற்றை எலும்பை வைத்து உருவத்தின் உயரத்தைச் சொல்ல ஒரு ஆலோசகர் வேண்டும் என்றார்கள். நான் சரி என்றேன். பிணங்களோடு வாழ்கிறவனுக்கு எப்போதாவது குழந்தைகள் கைதட்டுகிற இடத்தில் பெயர் வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

உருவத்தைச் செய்யப்போகிறவளை அவர்களுக்கு நான்தான் சிபாரிசு செய்தேன். ஈரோட்டுப் பக்கத்துப் பெண். ஊரில் சிற்பம் படித்தவள். கணவன் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். அவனோடு இங்கே வந்து ஆறு வருடம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் சும்மா இருந்தாள். அனுமதி வந்த மாதத்தில் பொங்கல் விழாவில் அவளைச் சந்தித்தேன். மேடைக்கு அவள் செய்திருந்த காளையைப் பார்த்துவிட்டு என் மனைவி, “இதைச் செஞ்ச பொண்ணுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க” என்றாள். பார்த்துக் கொடுத்தேன். தற்காலிக ஒப்பந்தம். கூடம் திறந்து, உருவம் நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று காட்சியகத்தின் இயக்குநர் அம்மாள் சொல்லியிருந்தார். அந்தப் பெண் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஃப்ரீவேயில் நான் படித்த எண்ணை அவள் அப்படியே எடுத்துக்கொண்டு இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு கட்ட ஆரம்பித்தாள். ஷீட்டையும் அவளுக்கு அனுப்பினேன், அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்று அவளும் பார்க்கட்டும் என்ற தாராளத்தில்.

மூன்று வாரம் கழித்து அவள் கூப்பிட்டாள். பட்டறைக்கு வரச் சொன்னாள். போனேன். களிமண் பூசிய உருவம் பாதி நின்றது. எனக்கே கொஞ்சம் உறுத்தியது. முதுகு நீளம், கால் குட்டை. சோபாவுக்கு அடியில் புகுந்து ஓடுகிற நீளநாய் எழுந்து நின்றதுபோல இருந்தது.

“அண்ணா, இது சரியாங்ண்ணா?” என்றாள். “கால் எலும்பு அவங்க குடுத்த வார்ப்புதான். அதுக்கு மேல நூத்திருபத்தெட்டு வரணும்னா உடம்பை இழுத்துக்கிட்டே போக வேண்டியிருக்கு. விலா எலும்பு எல்லாம் பத்தல.”

“அதுங்களுக்குக் கால் குட்டைதான் அம்மணி. கை நீளம், கால் குட்டை. மரத்துல ஏறுற ஜாதி. புத்தகத்துல பாரு.”

அது பொய்யில்லை. அந்த மூதாதைகளுக்குக் கையோடு ஒப்பிட்டால் கால் குட்டைதான். உண்மையான ஒரு செய்தியைக் கொண்டு தப்பான ஒரு எண்ணைக் காப்பாற்றுவதை எங்கள் தொழிலில் அனுபவம் என்பார்கள்.

“புத்தகத்துல பாத்தேங்ண்ணா. இதே ஜாதியில இதே அளவு எலும்புக்கு மூணரை அடின்னு போட்டிருக்கு. நம்மளுது நாலு அடிக்கு மேல வருது.”

“அது பொண்ணு. இது ஆணா இருக்கலாம். அந்த ஜாதியில ஆண் ரொம்பப் பெருசு.”

“ஆணா இருந்தாலும் எலும்பு அதே இருபத்தெட்டுதானுங்ண்ணா?”

நான் வார்ப்பை எடுத்துப் பார்த்தேன், பதில் அதில் எழுதியிருப்பதுபோல.

பிறகு அவள் செய்த காரியத்தை நான் இருபது வருடத்தில் செய்ததில்லை. லேப்டாப்பில் என் ஷீட்டைத் திறந்தாள். எலும்பு நீளம் என்ற கட்டத்தில் இருபத்தெட்டை அழித்துவிட்டு, பூஜ்யம் போட்டாள். உயரம் அறுபத்தொன்று என்று வந்தது.

“தொடை எலும்பே இல்லாதவங்களுக்கும் உங்க ஷீட்டு ரெண்டடி குடுக்குதுங்ண்ணா,” என்றாள். நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தக் கோடு நாற்பது முதல் ஐம்பது சென்டிமீட்டர்வரை எலும்பு உள்ள மனிதர்களை வைத்துப் போட்ட கோடு. அந்த இடத்துக்குள்தான் அது உண்மை பேசும். அதற்கு வெளியே நீட்டினால் பொய் சொல்லும். கூட்டுகிற அறுபது சொச்சம், நெட்டையான ஆளுக்குச் சின்ன பங்கு. குள்ளமான ஆளுக்கு அதுவே பாதி உடம்பு. அதனால்தான் சின்ன மூதாதைகளுக்கு வேறு வழி. வளர்ந்த மனிதர்களில், குள்ளமானவர்களிடத்திலும் நெட்டையானவர்களிடத்திலும், தொடை எலும்பு உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கைவிடச் சற்று கூட, நூற்றுக்கு இருபத்தாறு, இருபத்தேழு பங்கு இருக்கிறது. இருபத்தெட்டை அதால் வகுத்தால் நூற்றைந்து பக்கம் வரும். அதையும் ஒரே எண்ணாகச் சொல்லக்கூடாது. நூறிலிருந்து நூற்றுப்பத்து என்று இடைவெளி கொடுக்க வேண்டும். கால் சற்றுக் குட்டையான ஜாதி என்றால் மேல் விளிம்பைக் கொஞ்சம் நீட்டலாம், இருபது சென்டிமீட்டர் நீட்ட முடியாது. நான் செய்தது, குழந்தைக்குத் தைக்க வேண்டிய சட்டையை அப்பாவின் அளவில் வெட்டிவிட்டுக் குழந்தைக்கு மார்பு அகலம் என்று சொன்னதுதான்.

இவ்வளவும் எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. வாயில் வந்தது வேறு.

“அம்மணி, அது ரிக்ரஷன் கோடு. அதுல பூஜ்யம் எல்லாம் போடக்கூடாது. நீ சிற்பம் பண்ணு, நம்பரை என்கிட்ட விடு.”

“சரிங்ண்ணா,” என்றாள். லேப்டாப்பை மூடினாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், திருத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் நினைத்தேன். அலுவலகத்தில் கழிமுகத்திலிருந்து ஒரு எலும்புக்கூடு வந்திருந்தது, வேலை இருந்தது. ஒரு போன் அடித்து, அம்மா, நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல இருபது நொடி போதும். அந்த இருபது நொடிக்கு இரண்டு மாதம் நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் களிமண்ணிலிருந்து அச்செடுத்து, ஃபைபர் வார்த்து, ஒவ்வொரு மயிராக நட்டு, கண்ணாடிக் கண் பொருத்தி முடித்துவிட்டாள். தப்பான உடம்பில் வேலை மட்டும் அவ்வளவு சுத்தம். அந்த முகம் நம்மைப் பார்த்து எதையோ கேட்க வருவதுபோல இருந்தது.

திறப்புக்கு ஒன்பது நாள் முன்னால், வேறு மாநிலத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார், உரையாற்ற. உருவத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு இயக்குநரிடம், இந்த ஆளுக்கு யார் இப்படி முதுகை இழுத்துவிட்டது என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரிப்பு அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அரை மணி நேரத்தில் கூட்டம். நீள மேசை. ஒரு பக்கம் இயக்குநர், பேராசிரியர். எதிர்ப் பக்கம் நானும் அவளும், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். சுவரில் வைக்கவிருந்த விளக்கப் பலகையின் அச்சுப்பிரதி மேசையில் கிடந்தது. வாசகம் என்னுடையது. இந்த உயரம் என்ன சொல்கிறது என்று எழுதியிருந்தேன்: எட்டு வயதுக் குழந்தையின் அளவில், நிமிர்ந்து நடந்தவர்கள். மூளை பெரிதாவதற்கு எத்தனையோ காலம் முன்பே கால் நடக்கப் பழகிவிட்டது. குட்டைக் கால் எடுத்துவைக்கும் அடி சிறியது, ஆகையால் நீண்ட தூரம் குறைந்த சக்தியில் நடப்பது பின்னால் வந்த நீண்ட கால்காரர்களுக்கே வாய்த்தது. எல்லாம் சரியான வாக்கியங்கள். எட்டு வயது மட்டும் நாலு வயதாக இருந்திருக்க வேண்டும். நாலு வயதுக் குழந்தையின் உயரத்தில் ஒருவர் சிறுத்தை நடமாடும் காட்டோரத்தில் நிமிர்ந்து நடந்தார் என்பதுதான் உண்மையில் பார்ப்பவரை நிறுத்தக்கூடிய செய்தி. அதை நான் முக்கால் அடி உயர்த்தி, சாதாரணமாக்கியிருந்தேன்.

இயக்குநர் ஷீட்டைத் திரையில் காட்டினார். இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில், மிக அமைதியாகச் சொன்னேன்: இது தற்கால ஆண்களுக்கான ஷீட். விளக்கத்துக்காக இவருக்கு அனுப்பியது. இதை நேரடியாகப் பயன்படுத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கலைஞர், இதில் பயிற்சி இல்லாதவர். குற்றம் சொல்லவில்லை.

குற்றம் சொல்லவில்லை என்ற கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நல்ல மனிதன் பேசுவதுபோல இருந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இயக்குநரிடம், “நான் இவரிடம் கேட்டேன். பூஜ்யம் போட்டுக் காட்டினேன். தொடரச் சொன்னார்,” என்றாள். அவள் ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும். அன்று தடுக்கவேயில்லை.

இயக்குநர் என்னைப் பார்த்தார்.

“எனக்கு அப்படி ஒரு உரையாடல் நினைவில் இல்லை,” என்றேன்.

முனைவர் பட்டம் உள்ளவனுக்கு நினைவில்லை என்றால் அது நடக்கவில்லை என்று பொருள். பேராசிரியர் தன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் விமானம் நாலரை மணிக்கு.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. திறப்பு தள்ளிப்போகாது. உருவத்தை வெட்டி, உடம்பில் இருபத்திரண்டு சென்டிமீட்டரைக் குறைக்க வேண்டும். செய்தவளே வெட்ட வேண்டும், ஏனென்றால் வேறு யாருக்கும் தெரியாது. எங்கே வெட்டுவது என்று சொல்ல நான் பக்கத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் நான்தான் ஆலோசகர். அவளுடைய ஒப்பந்தம் திறப்போடு முடிகிறது. இதை இயக்குநர், அவள் எதிரிலேயே, விடுமுறை நாள் அறிவிப்பதுபோலச் சொன்னார்.

மறுநாள் பட்டறையில் நாங்கள் இருவர்தான். உருவத்தைக் கிடத்தியிருந்தாள். முதுகில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, “இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல இருக்கிறதை எடுத்துடலாம்” என்றேன். ரம்பத்தை ஓட்டினாள். ஃபைபர் தூளும் மயிரும் பறந்தன. ஒருமுறை நிறுத்தி, மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“இப்ப எத்தனைங்ண்ணா சொல்றீங்க? கரெக்டா சொல்லுங்க, மறுபடி ஒட்ட முடியாது.”

“நூத்தியாறு. நூறுலேர்ந்து நூத்திப்பத்துக்குள்ள எது வந்தாலும் தப்பில்ல.”

“எப்படிப் போட்டீங்க?”

“இருபத்தெட்டைப் பங்கால வகுத்தேன். நூத்துக்கு இருபத்தாறரை.”

“இதுல பூஜ்யம் போட்டா?”

“பூஜ்யம் வரும்.”

“அப்ப இது நல்ல கணக்குங்ண்ணா,” என்று சொல்லிவிட்டு ரம்பத்தை மறுபடி ஓட்டினாள். அந்த நாள் முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மணி நேரம் இருந்தது. டேப்பைச் சுருட்டினேன், விரித்தேன், சுருட்டினேன்.

இரண்டு பாதியையும் ஒட்டி, ஒட்டிய கோடு தெரியாமல் மயிரை நட்டு, எட்டாம் நாள் உருவத்தை நிமிர்த்தி நிறுத்திவிட்டாள். முன்பைவிட நன்றாக இருந்தது. எட்டு வயதுக் குழந்தையாக இருந்தவரைக்கும் அது ஒரு விநோதப் பிராணி. நாலு வயதுக் குழந்தையின் உயரத்தில் நின்றபோதுதான் அது நமக்குச் சொந்தம்போல இருந்தது. திறப்பன்று ஒரு சின்னப் பெண் போய் அதன் பக்கத்தில் நின்று, தலைக்கும் தலைக்கும் கை வைத்து அளந்தாள். அவள் அம்மா படமெடுத்தாள். நான் பக்கத்தில் நின்று கைதட்டல் வாங்கினேன். உருவம் செய்தவள் வரவில்லை. அழைப்பு போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

வீட்டில் என் மனைவி, “அந்தப் பொண்ணு எங்க, காணோம்?” என்று கேட்டாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

மூன்று மாதம் கழித்து அலுவலகத்தில் ஒரு பையனின் எலும்பு வந்தது. சின்ன எலும்பு. அதே ஷீட்டைத் திறந்தேன். கை பழக்கத்தில் எண்ணைத் தட்டப் போனது. வளராத எலும்புக்கு இந்தச் சூத்திரம் கூடாது என்று வேறு அட்டவணையை எடுத்தேன். எடுத்துவிட்டு, ஷீட்டில் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். அறுபத்தொன்று. அன்று மாலையே இயக்குநருக்குக் கடிதம் எழுதினேன். எண் என்னுடையது. தப்பு என்னுடையது. அவள் கேட்டாள், நான்தான் தொடரச் சொன்னேன். எனக்கு அந்த உரையாடல் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பக்கம். எழுதி முடித்ததும் ஏதோ உயர்ந்துவிட்டதுபோல இருந்தது.

இயக்குநர் மூன்று வரியில் பதில் போட்டார். நேர்மைக்கு நன்றி. கூடத்துக்குக் கூட்டம் நன்றாக வருகிறது. கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டோம்.

அந்தப் பெண் அப்போது வேறு மாநிலத்தில், மில்பிடாஸில் இருந்தாள். கணவனுக்கு அங்கே வேலை மாறியிருந்தது. ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. ஃபோன் செய்தேன். பின்னால் குழந்தைகள் இரைச்சல். நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நடுவில் அவள் இரண்டு தடவை யாரையோ ஆங்கிலத்தில் கீழே இறங்கச் சொன்னாள். முடித்ததும், இயக்குநரின் மூன்று வரியையும் படித்தேன்.

“வேலையைத் திரும்பக் குடுக்கறாங்களாங்ண்ணா?” என்றாள்.

“இல்லம்மா. அது அவங்க…”

“நான் செஞ்சதுன்னு எங்கயாச்சும் பேர் போடறாங்களா?”

“அதைப் பத்தி எழுதலை.”

“அப்ப இது உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கற லெட்டருங்ண்ணா. எனக்கு இங்க பன்னெண்டு பேருக்கு ஸ்நாக்ஸ் குடுக்கணும், வெச்சுடறேன்.”